கைக்குழந்தைக்கு எந்தத் தெர்மாமீட்டர்? காதா, நெற்றியா, அக்குளா, எத்தனை டிகிரி காய்ச்சல்?

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரையிலான குழந்தைக்கு வாங்க வேண்டியது அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். மெடிக்கல் ஷாப்பில் இருப்பதிலேயே விலை குறைந்த வகை அதுதான். நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் துப்பாக்கி வகைக்கும், காதில் வைக்கும் வகைக்கும் அதைவிடப் பல மடங்கு பணம் போகும். ஆனால் இந்த வயதில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அளவுக்கு அவற்றை நம்ப முடியாது. நான் புதுச்சேரியில் குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். கடலூர், பாகூர், நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வருகிற தாய்மார்கள் "கன்ல நார்மல்தான் காட்டுச்சு சிஸ்டர், ஆனா உடம்பு கொதிக்குது" என்று சொல்லிக் குழந்தையைக் கொடுப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அப்படி ஏன் நடக்கிறது, வீட்டில் எப்படிச் சரியாகப் பார்ப்பது, வந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

நம் ஊரில் எல்லோரும் ஃபாரன்ஹீட்டில்தான் பேசுகிறோம் என்பதால் இங்கே வரும் எண்களும் ஃபாரன்ஹீட்தான்.

மூன்று இடமும் ஏன் மூன்று எண் காட்டுகின்றன

காய்ச்சல் என்றால் உடம்பின் உள்ளே இருக்கும் சூடு கூடியிருக்கிறது என்று அர்த்தம். நெற்றி, அக்குள், காது மூன்றுமே வெளியே இருந்துகொண்டு அந்த உள் சூட்டை ஊகிக்கும் வழிகள்.

நெற்றிக் கருவி தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, தோலின் சூட்டை அளக்கிறது. அதோடு ஒரு கணக்கைப் போட்டு, "உள்ளே இவ்வளவு இருக்கும்" என்று ஓர் எண்ணைத் திரையில் காட்டுகிறது. தோலின் சூடு ஏதாவது ஒன்றால் மாறினால் அந்தக் கணக்கு அப்படியே தப்பிவிடும். நம் ஊரில் அதை மாற்ற எத்தனையோ இருக்கின்றன. சித்திரை வெயிலில் வண்டியில் கூட்டிவந்த குழந்தையின் நெற்றி சுடும். மின்விசிறிக்கு நேர் கீழே வியர்த்துக் கிடக்கும் குழந்தையின் நெற்றி, வியர்வை காயக் காயக் குளிர்ந்துவிடும். எண்ணெய், பவுடர், திருஷ்டிக்கு வைத்த கறுப்புப் பொட்டு எல்லாமே கதிரை மறைக்கும். பொட்டு நடு நெற்றியில் இருந்தால் அதைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது உடம்பு உள்ளே சூட்டைச் சேர்த்துக்கொள்வதற்காகத் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால்தான் காய்ச்சல் வரும் குழந்தையின் கையும் காலும் சில்லென்று இருக்கின்றன. அந்த நேரத்தில் நெற்றியின் தோலும் உள்ளே நடப்பதைச் சரியாகக் காட்டாமல் போகலாம். காய்ச்சல் ஏறுகிற அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தில்தான் தாய்க்குச் சந்தேகம் வந்து கருவியைத் தேடுவாள். நெற்றிக் கருவி ஏமாற்றுவதும் அப்போதுதான்.

காதுக் கருவி செவிப்பறையின் சூட்டைப் படிக்கிறது. உள் சூட்டுக்கு அது நெருக்கமான இடம் என்பதால் பெரிய குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்யும். கைக்குழந்தையின் காதுத் துவாரமோ மிகக் குறுகலானது, வளைந்தும் இருக்கும். கருவியின் முனை செவிப்பறையைப் பார்க்காமல் துவாரத்தின் சுவரைப் பார்த்துவிட்டு, அதன் சூட்டைச் சொல்லும். ஆறு மாதத்துக்குக் கீழே காதுக் கருவி வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அதற்கு மேல் பயன்படுத்துவதென்றால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காது மடலை நேராகப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். ஒரு வயதைத் தாண்டியிருந்தால் மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கமாகப் படுத்துத் தூங்கிய குழந்தைக்குக் கீழே இருந்த காது சூடாகத்தான் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் எண் குறைந்து வரும்.

அக்குளும் தோல்தான். ஆனால் கையை மார்போடு சேர்த்து மூடிவிட்டால் காற்று புகாது, விசிறியும் வெயிலும் தொடாது. உள்ளே இருக்கும் சூட்டைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான். மலத்துவாரத்தில் வைத்துப் பார்ப்பதுதான் உள் சூட்டுக்கு மிக நெருக்கமானது. அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளாமல் வீட்டில் செய்தால் குழந்தைக்குக் காயம் படலாம், அதனால் வீட்டுக்கு அது வேண்டாம்.

கடையில் பார்த்து வாங்குவது

பெட்டியின் மேல் துல்லியம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். ஃபாரன்ஹீட்டில் 0.2, செல்சியஸில் 0.1 என்ற அளவுக்குள் கூடவோ குறையவோ காட்டும் கருவி போதும். முனை வளைகிற மாதிரி இருந்தால் குழந்தை உதறும்போது குத்தாது. இரவில் விளக்குப் போடாமல் பார்க்கத் திரையில் வெளிச்சம் வருகிறதா என்று கேளுங்கள். "பத்தே விநாடி" என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அக்குளில் வைக்கும்போது அந்த வேகத்தால் பெரிய பயன் கிடையாது, காரணம் பின்னால் சொல்கிறேன்.

திரையில் °F வருகிறதா °C வருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். இந்தக் குழப்பம் நிஜமாகவே நடக்கிறது. கருவி 38.2 என்று காட்ட, "நூறைத் தொடவே இல்லையே" என்று வீட்டில் நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். அது 100.8. செல்சியஸை மாற்றத் தெரியாதவர்கள் நான்கு எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: 36.5 என்பது 97.7, 37.5 என்பது 99.5, 38 என்பது 100.4, 39 என்பது 102.2.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர் ஒருவர் தன் அக்குளில் வைத்துச் சில நிமிஷ இடைவெளியில் மூன்று முறை பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு டிகிரி தாண்டிக் குதித்தால் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள். பழைய பாதரசக் கண்ணாடித் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் அதைக் குழந்தைக்கு வேண்டாம். உடைந்தால் பாதரசம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிய துப்பாக்கி இருக்கிறதே என்றால், தூக்கிப்போட வேண்டாம். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் ஒரு முறை பார்த்துக்கொள்ள அது உதவும். அதில் பொருளின் சூடு, உடம்பின் சூடு என்று இரண்டு நிலை இருக்கும், உடம்பு நிலையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னால் இருக்கும் கண்ணாடியில் தூசு இருக்கக்கூடாது. கருவியும் குழந்தையும் ஒரே அறையில் கால் மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். அது கூடுதலாகக் காட்டினால் அக்குளில் பாருங்கள். அது சரியாகக் காட்டியும் குழந்தை சுட்டாலோ, சோர்ந்திருந்தாலோ, அப்போதும் அக்குளில் பாருங்கள்.

குழந்தை நன்றாக இருக்கும் நாளில் ஒரு வேலை

காய்ச்சல் இல்லாத இரண்டு மூன்று நாட்களில், காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் அக்குளில் பார்த்துத் தடுப்பூசி அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். அக்குளில் 97.7 முதல் 99.5 வரை சாதாரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குள் உங்கள் குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். காலையில் 97.8, சாயங்காலம் 98.5 என்று வரலாம், சாயங்காலம் கொஞ்சம் கூடுவது இயல்புதான். இதைச் செய்து வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. அழாத குழந்தையிடம் கை பழகிவிடும், நடு இரவில் தடுமாற மாட்டீர்கள்.

அக்குளில் பார்க்கும் முறை

குளிப்பாட்டி முடித்ததும், வீறிட்டு அழுததும், வெளியிலிருந்து வந்ததும் உடனே பார்க்காதீர்கள். இருபது நிமிஷம் போகட்டும். துணியால் சுற்றியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். குல்லாவும் காலுறையும் கூட வேண்டாம்.

அக்குளை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றித் துடையுங்கள். வியர்வை இருந்தால் எண் குறையும், அழுத்தித் தேய்த்தால் கூடும். முனையை அக்குளின் நடுப்பள்ளத்தில், சட்டைத் துணி இடையில் வராமல், எல்லாப் பக்கமும் தோல் தொடும்படி வையுங்கள். குண்டுக் குழந்தைகளுக்கு முனை மடிப்பைத் தாண்டி முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டு போய்விடும், பின்னால் ஒரு முறை தடவிப் பாருங்கள். பிறகு கையை மடக்கி மார்போடு சேர்த்து, குழந்தையை உங்கள் மேல் சாய்த்து அணைத்துப் பிடியுங்கள். பால் குடித்துக்கொண்டிருக்கும்போது பார்ப்பதானால் உங்கள் உடம்பில் படாத பக்கத்து அக்குளில் வையுங்கள்.

பீப் அடித்ததும் எடுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. ஏறுவது மெதுவானதும் கருவி பீப் அடித்துவிடுகிறது. அக்குளில் சூடு நிதானமாகத்தான் ஏறும், ஆகவே பல கருவிகளில் பீப்புக்குப் பிறகும் எண் கூடிக்கொண்டே போகும். மொத்தம் நான்கைந்து நிமிஷம் அப்படியே பிடியுங்கள். பத்து விநாடிக் கருவிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். பீப்புக்குப் பிறகு எண் அசையாத வகையும் உண்டு, உங்களுடையது எது என்று குழந்தை நன்றாக இருக்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ளலாம். திரையில் Lo என்று வந்தால் முனை சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். மறுபடி வையுங்கள்.

எண்ணை எழுதும்போது நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்: "இரவு 8.10, அக்குள், 100.6". அக்குள் என்பதால் ஒரு டிகிரி கூட்டிச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். அக்குளுக்கும் உள் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவாக இருக்காது. நீங்கள் கூட்டி, டாக்டரும் மனதுக்குள் கூட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும். வந்த எண்ணை அப்படியே சொல்லி, அக்குள் என்றும் சொல்லிவிட்டால் போதும்.

எந்த எண் காய்ச்சல்

அக்குளில் 99.5 வந்தால் கவனிக்கத் தொடங்க வேண்டும். 100.4 வந்தால் அது சந்தேகமில்லாத காய்ச்சல். ஆனால் ஒரே எண் வயதைப் பொறுத்து வேறு வேறு அர்த்தம் தரும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 வந்தால், பகலோ இரவோ, குழந்தை நன்றாகத் தெரிந்தாலும், கிளம்பிவிட வேண்டும். அந்த வயதில் ரத்தத்திலோ சிறுநீரிலோ மூளை உறையிலோ கிருமித் தொற்று இருந்தாலும், காய்ச்சலைத் தவிர வேறெதுவும் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் மருந்து கொடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பது இந்த வயதுக்குக் கிடையாது. 99.5-க்கும் 100.4-க்கும் இடையில் வந்தால், குழந்தை பால் குடித்து நன்றாக இருந்தால் மட்டும், துணியைத் தளர்த்தி நிழலான காற்றோட்டமான இடத்தில் வைத்து இருபது நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். கத்திரி வெயிலில், கரண்ட் இல்லாத அறையில், சுற்றி மூடிக் குல்லா போட்ட குழந்தை 99.8 காட்டும். அவிழ்த்துவிட்டால் 98.6-க்கு வந்துவிடும், அது காய்ச்சல் இல்லை. இறங்காமல் அப்படியே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதே வயதில் சூடு குறைவதும் ஆபத்துதான். பச்சைக் குழந்தைக்குத் தொற்று வந்தால் உடம்பு சுடாமல் குளிர்ந்து போகவும் கூடும். 97.7-க்குக் கீழே வந்தால் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்து, மேலே போர்த்தி, மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டிருந்தாலோ, அந்த அணைப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 95.9-க்குக் கீழே வந்தால் காத்திருக்காமல் அப்படியே அணைத்தபடி கிளம்புங்கள்.

மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை 100.4 வந்தால் அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும், 102.2 வந்தால் நேரே காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் எண்ணைவிடக் குழந்தையைப் பாருங்கள். 102 இருந்தும் சிரித்து, குடித்து, சிறுநீர் போகிற குழந்தையைவிட, 100.5-ல் கண் திறக்காமல் கிடக்கும் குழந்தைதான் அவசரம். வலிப்பு, மூச்சு வாங்குதல், மார்புக் குழி உள்ளே இழுத்தல், உச்சிக்குழி புடைத்து நிற்பது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இருந்தால் எந்த வயதிலும், தெர்மாமீட்டர் எதைக் காட்டினாலும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பல் முளைப்பதால் காய்ச்சல் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஈறு ஊறும்போது உடம்பு லேசாகச் சுடலாம், 100.4 வராது. அந்த எண் வந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தடுப்பூசி போட்ட ஒரு புதன்கிழமை

கடலூர் முதுநகரில் அம்மா வீட்டில் இருக்கும் ஒரு பெண், பத்து வாரக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்டாவேலன்ட் ஊசி போட்டு வந்தார்கள். சாயங்காலம் ஆறரைக்குக் குழந்தை சிணுங்குகிறது. ஆயா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "வயிறு அனலா இருக்குடி, கால் மட்டும் ஜில்லுன்னு கெடக்கு" என்கிறார். துப்பாக்கியில் 98.1, 97.6, 99.0 என்று வருகிறது. ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த எண்களும் குளிர்ந்த காலும் சேர்ந்தாலே, காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆயாவின் கை இங்கே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தொட்டுப் பார்ப்பது எத்தனை டிகிரி என்று சொல்லாது, தெர்மாமீட்டரை எடு என்று சொல்லும்.

துணியைத் தளர்த்தி, ஊசி தொடையில்தானே போட்டது என்று பார்த்துக்கொண்டு, அக்குளில் ஐந்து நிமிஷம் வைக்கிறார்கள். 100.8 வருகிறது. மறு அக்குளில் 100.6.

இந்த ஊசிக்குப் பிறகு முதல் இரண்டு நாளில் காய்ச்சல் வருவது சகஜம். அதற்காக "ஊசிக் காய்ச்சல்தான்" என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது, குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. ஊசி போட்ட அன்றைக்கே தொற்றும் வந்திருக்கலாம். எண்களை எழுதிய அட்டையோடு அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். டாக்டர் குழந்தை பால் குடிப்பதையும், சிறுநீர் போவதையும், ஊசி போட்ட இடத்தையும் பார்த்து, எடை போட்டு அதற்கேற்ப பாராசிட்டமால் எழுதித் தருகிறார். 48 மணி நேரத்தைத் தாண்டினாலோ, பால் குறைந்தாலோ உடனே வரச் சொல்கிறார். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதியதைக் கொடுக்கக் கூடாது. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல, ஒரு மில்லியில் சொட்டு மருந்தில் இருப்பது சிரப்பில் இருப்பதைவிட மிக அதிகம். மருந்துக்கு ஒரு மணி நேரம் கழித்து அக்குளில் 99.3 வருகிறது. மருந்துக்கு இறங்கியது என்பதை வைத்துச் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. கடுமையான தொற்றிலும் பாராசிட்டமாலுக்குச் சூடு இறங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கவனம்

நம் கரையோரத்தில் வடகிழக்கு மழைக்காலத்தில் டெங்கு வரும். அப்போது தெர்மாமீட்டர் குறைந்து காட்டுவதே ஏமாற்றிவிடும். டெங்குவில் மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விட்டு உடம்பு ஆறும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து குழந்தை மோசமாகலாம். 98.4 வந்துவிட்டதென்று விட்டுவிடாமல், தொடர்ந்து வாந்தி, வயிற்று வலி, சில்லிட்ட கைகால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவு, மயக்கம் இருக்கிறதா என்று அடுத்த இரண்டு நாள் பாருங்கள். ஒன்று இருந்தாலும் கூட்டிப்போங்கள். அந்தப் பருவத்தில் பாராசிட்டமாலைத் தவிர ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும், தூங்கும் குழந்தையை எழுப்பிப் பார்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்டது என்றால் மட்டும் டாக்டர் சொன்ன இடைவெளியில் பாருங்கள். பார்த்து முடித்ததும் முனையைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலோ துடைத்து உறைக்குள் போடுங்கள். வெந்நீரில் கொதிக்க வைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் உணரி கெட்டுவிடும். எண் மங்கலாகத் தெரியத் தொடங்கினால் பேட்டரியை மாற்றுங்கள், கருவி பயன்படுத்தும் பொத்தான் பேட்டரியில் ஒன்றைக் கூடுதலாக வாங்கிக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதை விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை அது.